சக்கரத்துக்கு முன்னால் நின்றவன்

முன்னொரு காலத்தில் கொன்றையூரைக் கோவேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒன்று தோன்றும், மாலையில் வேறொன்று தோன்றும். தோன்றியதெல்லாம் உத்தரவாகிவிடும்.

அந்த ஊர்த் தேர் ஏழு ஆள் உயரம். வடம் பிடித்து இழுக்க ஆயிரம் பேர் உண்டு. நிறுத்தவும் திருப்பவும் மட்டும் முட்டுக்கட்டைக்காரர்கள். உருளும் சக்கரத்தின் அடியில் கட்டையைக் கொடுத்துக் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். பிசகினால் கூட்டத்துக்குள் தேர் புகுந்துவிடும். அவர்களின் தலைவர் கண் மங்கி விலகியதும், பிரதானி வேலப்பர் ராஜாவிடம் போய், "என் தங்கை மகன் செங்கோடன் மூன்று ஊர்த் தேரைத் திருப்பியவன்" என்று சொல்லிவைத்தார். ராஜாவும் அவனையே தலைவனாக்கத் தலையாட்டிவிட்டான்.

செங்கோடன் கயிறு திரிப்பவன். வெள்ளம் அவன் பட்டறையைக் கொண்டுபோய் இரண்டு வருஷமாகிறது. வீட்டில் ஒருவேளைதான் அடுப்பெரிந்தது. சேதி கேட்டதும் சந்தோஷத்தில் அழுதான். பிறகு மனசு ஒப்பாமல், கூடப் படித்த சிநேகிதன் நல்லமுத்துவைத் தேடிப் போனான். நல்லமுத்து இப்போது மந்திரி. வேலப்பருக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

"சொந்தக்காரர் சொல்லி வர்ற வேலை. வாங்கிக்கறது தப்பாடா?" என்று கேட்டான் செங்கோடன்.

"யாராவது சொன்னாத்தானே நீ ஒருத்தன் இருக்கேன்னே தெரியும்? அதுல தப்பில்ல. அவர் உன்னைப் பத்திச் சொன்னது நெசமா?"

"வடம் பிடிச்சிருக்கேன். கட்டையைத் தொட்டதில்ல."

"பொய் சொன்னது அவர். ஆனா அந்த இடத்துல போய் நின்னியானா, அது உன் பொய். சரி, அந்த வேலைக்கு என்னென்ன தெரியணும்?"

"தெரியலடா."

"எனக்கும் தெரியாது. செய்யறவங்களைக் கேளு. வீட்டுப் பசியை ஒரு பக்கம் வச்சிட்டு, கையால ஒரு தடவை செஞ்சு பாரு. ஆகாதுன்னு தெரிஞ்சா முதல்ல மாமாகிட்டச் சொல்லு. அவர் தன் மானத்தை உனக்காகப் பணயம் வச்சிருக்கார். சபையில வச்சு அவரைக் கவுத்துடாத."

மறுநாள் வெள்ளோட்டம். கூட்டமில்லாத வெறுந்தேர். கட்டைக்காரர்களில் மூத்தவனான சடையன் சொல்லிக்கொடுக்க, செங்கோடன் மூன்று முறை கட்டை போட்டான். மூன்றும் பிந்தின. ஒன்றைச் சக்கரம் நசுக்கியே போட்டது.

"கை நடுங்கலை. ஆனா சக்கரம் வந்ததைப் பாத்துட்டுப் போடறீங்க. வர்றதுக்கு முன்னாடியே போடணும். அது உடம்புல ஊற அஞ்சு திருவிழா ஆகும்" என்றான் சடையன். செங்கோடன் திரும்பும்போது வடத்தை வருடிப் பார்த்து, உள்புரி நைந்திருந்த இடத்தைக் காட்டினான். அத்தனை பேர் இழுத்தும் அதுவரை அது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அன்றே மாமாவிடம் போய் உள்ளதைச் சொன்னான். வேலப்பர் கொதித்தார். ராஜா சபையில் தன் வார்த்தை என்னாவது என்றார். பேசாமல் போய் நில், சடையன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். செங்கோடன் அன்றிரவு தூங்கவில்லை.

சபை கூடியது. பட்டயம் கொடுக்கிற நேரத்தில், நடந்ததையெல்லாம் செங்கோடனிடம் கேட்டறிந்திருந்த நல்லமுத்து எழுந்தான். "மகாராஜா, ஒரு யோசனை. பிரதானியார் இவ்வளவு நம்பிச் சொல்கிறார். மருமகன் முதல் கட்டையைப் போடும்போது அவரே சக்கரத்துக்கு எதிரில் நின்று ஊருக்குத் தைரியம் சொல்லட்டுமே."

ராஜாவுக்குப் பிடித்துப்போயிற்று. "பேஷ், அப்படியே ஆகட்டும். என்ன பிரதானி, நிற்பீர்தானே?"

வேலப்பருக்கு வேர்த்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். சபை சிரித்தது. செங்கோடனுக்கு அந்தச் சிரிப்பு தாங்கவில்லை. முன்னால் வந்து கும்பிட்டான்.

"மகாராஜா, மாமா பாசத்தில் பேசிவிட்டார். நானும் பசியில் அதை மறுக்காமல் இருந்துவிட்டேன். மூன்று கட்டை போட்டேன், மூன்றும் தப்பு. இந்த வேலைக்கு நான் ஆகமாட்டேன். ஆகிறவன் சடையன்."

"நீயும் சிபாரிசுதானே செய்கிறாய்? அப்படியானால் நீ போய் நில்" என்றான் ராஜா.

நல்லமுத்துவின் முகம் வெளுத்தது. அவன் இதை எதிர்பார்க்கவே இல்லை. செங்கோடன் ஒரு கணம் தன் பெண்டாட்டி பிள்ளையை நினைத்தான். "நிற்கிறேன்" என்றான்.

புது வடம் பூட்டித் திருவிழாவன்று தேர் கிளம்பியது. கீழவீதி முனையில், ஆள் உயரச் சக்கரம் தரை அதிர வந்தது. செங்கோடன் அதைப் பார்க்கவில்லை. சடையனின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சக்கரம் வரும் முன்பே கட்டை விழுந்தது. தேர் முனகித் திரும்பி, அவன் மார்புக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

ராஜா சடையனைத் தலைவனாக்கினான். வடத்தின் பொறுப்பைச் செங்கோடனுக்குத் தரச் சொன்னான். செங்கோடன் கும்பிட்டு, "ஒரு திருவிழா வரைக்கும் என் வேலையைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள், மகாராஜா" என்றான்.

கூட்டம் கலைந்த பிறகு வேலப்பர் தேரடிக்கு வந்தார். மருமகன் நின்ற இடத்தில் தானும் போய் நின்றார். அண்ணாந்து அந்தச் சக்கரத்தை வெகுநேரம் பார்த்தார். "இதுக்கடியிலயாடா உன்னை அனுப்பப் பார்த்தேன்" என்று சொல்லி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.