கவிராயர் நிரப்பாமல் விட்ட கோடு

முன்னொரு காலத்தில் கருங்காலிக்கோட்டையை வீரமல்லன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் கோபம் மூக்கு நுனியில். காலையில் பல்லக்கு கொடுப்பான், மாலையில் அதே ஆளைக் கழுதையில் ஏற்றுவான். வடக்கே நடந்த சண்டைக்குத் தம்பி சின்னமல்லனை அனுப்பியவனும் அவன்தான். போனவன் திரும்பவில்லை. அன்றுமுதல் தாய் ராணி மூத்தவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

முதலாண்டுத் திவசத்துக்கு ஓர் இரங்கல் பாட்டு வேண்டும், அதை நினைவுக் கல்லில் வெட்ட வேண்டும் என்று ராஜா பறை அறைவித்தான். "குறையுள்ள பாட்டு வந்தால் ஆத்மா பாதிவழியில் நின்றுவிடும். எழுதினவர் கட்டைவிரல் போகும்!" என்றும் ஒரு வரி சேர்த்தான்.

அரண்மனையில் ஏடு பெயர்த்து எழுதும் செங்கமலம் ஓர் ஓலை கொடுத்தாள். அவளுக்குக் கட்டைவிரல்தான் சோறு. எழுத்தாணியைத் தாங்குவதே அந்த விரல்தானே! இருந்தும் கொடுத்தாள். சின்னமல்லன் புறப்பட்ட அன்று அவள் வாசலோரம் நின்றிருந்தாள். பார்த்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சபை கூடியது. திரைக்குப் பின்னால் தாய் ராணி. அரசவைப் புலவர் வித்தகக் கவிராயர் அவள் ஓலையை வாங்கி ஒரு பார்வை பார்த்தார், சிரித்தார். ஏடு பெயர்க்கிறவள் பாட்டுக் கட்டுவதா என்று ஏற்கெனவே அவருக்கு வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, இது கரையான் தின்ற ஏடு! ஓரிடத்தில் எழுத்தில்லை, வெறும் கோடு. ஓரிடத்தில் மூன்று புள்ளி. ஓலையில் அழுத்திப் புள்ளி வைத்தால் ஓட்டை விழும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடைசி அடி இருக்க வேண்டிய இடம் காலி! இளவரசருக்கு அரைகுறைப் படையலா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பழைய ஏட்டில் எழுத்து அழிந்திருந்தால் பெயர்ப்பவர்கள் கோடு போட்டு இடம் விடுவதுதான் அந்த அரண்மனை வழக்கம். சபையே அப்படித்தான் நினைத்தது. ராஜாவின் முகம் சிவந்தது. "கூப்பிடு வெட்டுக்காரனை!"

செங்கமலம் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி ஒளித்தாள். அப்போது மந்திரி தாண்டவராயர் எழுந்தார். இருமினார். அவர் இருமினால் யாருக்கோ வினை என்று அர்த்தம்.

"மகாராஜா, விரலை வெட்ட அவசரமென்ன? பாட்டில் குறை இருக்கிறது என்று கண்டவருக்கு, அங்கே என்ன வர வேண்டும் என்றும் தெரிந்திருக்கும். கவிராயரே வாய்விட்டுப் படித்து, விட்ட இடத்தை நிரப்பட்டும். ஒவ்வோர் அடியிலும் நாலு சீர். எங்கே எது குறைகிறது என்று காதே சொல்லிவிடும்."

"இதென்ன பிரமாதம்!" கவிராயர் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"வாளை வடித்துக் கொடுத்தவர்யார்? கொல்லன்.
வழிச்சோறு கட்டிக் கொடுத்தவர்யார்? அன்னை.
வாசல்வரை கூட நடந்தவர்யார்? ஊரார்.
வடக்கே போஎன்று சொன்னவர்யார்? ——"

மூன்று கேள்வி, மூன்று பதில். நாலாவது பதிலுக்குச் சபையின் காது தானாகத் திறந்து காத்திருந்தது. கவிராயரின் நாக்கும் பழக்கதோஷத்தில் புறப்பட்டது.

"அண்..."

நின்றது. எதிரே சிங்காசனத்தில் அண்ணன்! வாயைத் திறந்தபடியே கவிராயர் நின்றார்.

"ஆகா!" என்றார் மந்திரி. "அந்தக் கோட்டை எப்படிப் படிக்க வேண்டுமோ அப்படியே படித்துவிட்டீர், கவிராயரே!"

யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். "வி... விதி! விதிதான் சொன்னது!" என்று குளறினார் கவிராயர். அடுத்ததை வேகவேகமாக ஓட்டினார். "படியில்திரும்பி, 'அம்மா, போய் . . .' இங்கே 'வருகிறேன்' என்று போட்டால் முடிந்தது!"

"வரவில்லையே!"

திரைக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். ஒரு வருஷத்துக்குப் பிறகு தாய் ராணி பேசினாள். "போய் என்றான், குதிரை கனைத்தது, திரும்பிக்கொண்டான். மிச்சத்தை என் பிள்ளை சொல்லவே இல்லை. நீர் யார் சொல்ல?"

ராஜா எழுந்து நின்றுவிட்டான். "செங்கமலம், நீயே சொல். கோடு எதற்கு, புள்ளி எதற்கு? இரண்டும் ஒன்றுதானா?"

"ஒன்றில்லை, மகாராஜா. பதில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் தொண்டை அடைக்கிறது. அங்கே குரல் வெட்டுப்படும், அதற்குக் கோடு. புள்ளியில் குரல் வெட்டுப்படாது, தேய்ந்து தேய்ந்து தூரம் போகும். ஓலை கிழியாமல் நகத்தால் தொட்டுத்தான் வைத்தேன்."

"காலி அடி?"

"அது இளவரசர் போன பிறகு இருக்கும் வீடு, மகாராஜா. ஓர் அடி சொல்லும் நேரம் யாரும் பேசக்கூடாது. மற்ற அடிகளை அளவாகக் கட்டியதால்தான் அது காலி என்றே தெரிகிறது. எல்லாம் காலியாக இருந்தால் அது வெறும் ஓலை."

"கோட்டில் என் பெயரை எழுதியிருக்கலாமே?"

"எழுதியிருந்தால் நான் குற்றம் சொன்னதாக ஆகும். நீங்கள் கோபப்படுவீர்கள், கோபத்தில் அழமாட்டீர்கள்."

ராஜா ஓலையை வாங்கினான். தானே படித்தான். நாலாம் அடியில் கோட்டுக்கு வந்தான். "நான்" என்றான், மெல்ல. பிறகு தேம்பித் தேம்பி அழுதான். திரை விலகியது. தாய் ராணி வந்து, "அழுடா, மகனே" என்று மகன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அழுது முடித்ததும் ராஜாவுக்குப் பழைய குணம் வந்துவிட்டது. "வெட்டுக்காரனைப் போகச் சொல்! செங்கமலத்துக்கு அரசவையில் ஆசனம். கவிராயரே, ஆறு மாதம் நீர் சபைக்கு வரலாம், வாயைத் திறக்கக் கூடாது. காலி அடியை நீரும் கற்றுக்கொள்ளும்!"

கவிராயர் சால்வை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார்.

கல் வெட்டுகிற சிற்பி குழம்பிப்போய்க் கேட்டான்: "மகாராஜா, அந்தக் காலி அடியில் என்ன வெட்ட?"

"உளியை வைக்காதே. ஆனால் இடத்தை விடு. முழுசாக ஒரு பாட்டு அடியின் அகலம். ஒரு விரற்கடை குறைந்தாலும் உன் கட்டைவிரல் போகும்!"

செங்கமலம் அரண்மனை வாசலைத் தாண்டிய பிறகுதான் மூச்சு விட்டாள். விரலை ஒருதரம் மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது. அன்று அவள் வீட்டில் பாயசம். ராஜாவும் தாய் ராணியும் பேசிக்கொண்டார்கள், அவள் விரலும் தப்பியது. கேட்டவர்களுக்கும் அப்படியே நல்லது நடக்கட்டும்.