மண் தட்டு

கடலோர ஊரில் பெண்கள் தொழவும் ஓதவும் ஒரு தைக்கா இருந்தது. அங்கே ஓதிக்கொடுப்பவர் பல்கீஸ் ஆலிமா. அவரிடம் ஓதியவள் ஜைத்தூன். ஆலிமாவைவிட மூன்று வயசுதான் இளையவள். சின்னப் பிள்ளைகளுக்குத் தொழுகைக்கு முன் முகம், கைகால் கழுவி ஒளு எடுக்கச் சொல்லிக்கொடுப்பதும் அவள்தான்.

பிள்ளைப்பேறு முடிந்து, தீட்டு நின்று, கடமையான குளிப்பைக் குளித்து, கைக்குழந்தையோடு அவள் தைக்காவுக்குத் திரும்பியபோது எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம்தான் தெரிந்தது, ஒளுவுக்கான தண்ணீர்த் தொட்டியான ஹவுளின் கரையில் உட்கார்ந்தால் அவளுக்கு எழுந்திருக்க மனசு வரவில்லை என்று.

முகம், முழங்கை வரை கைகள், தலை, கணுக்கால் வரை பாதம் என்று எல்லாம் முடியும். எழுந்து நாலடி வைப்பாள். முழங்கை நனைந்ததா? திரும்பி வருவாள். ஏணையில் பிள்ளை அழும். தூக்க மாட்டாள். பிள்ளை நனைத்துவிட்டால்?

"ஏ ஜைத்தூன், தோலைக் கொஞ்சம் மிச்சம் வை. மறுமையில் அடையாளம் தெரிய வேண்டாமா?" என்று தொழ வந்த ஹாஜரா லாத்தா போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள்.

சிரிக்கத்தான் பார்த்தாள் ஜைத்தூன். சிரிப்பு வரவில்லை.

அன்றைக்குப் பிற்பகல் அஸர் ஜமாஅத் தொழுகை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஜன்னல் வழியே விழுந்த வெயில் மஞ்சளாகிவிட்டது. ஜைத்தூன் இன்னும் ஹவுளடியில்தான் இருந்தாள். நேற்றும் இப்படித்தான் பொழுது சாய்ந்து அஸர் தவறிப்போனது.

ஆலிமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அழுத பிள்ளையை அவர்தான் தூக்கி வைத்திருந்தார்.

"என்ன தேடுறே?"

"சுத்தமாகணும் ஆலிமா."

"எத்தனை தடவை கழுவினே?"

"மூணு மூணு தடவை. அப்புறம் சந்தேகம் வந்திச்சு. மறுபடியும்..."

"எல்லாம் முடிச்ச பிறகு வர்ற சந்தேகத்துக்கு என்ன சட்டம்?"

"கண்டுக்கக் கூடாது. உறுதியா இருந்ததைச் சந்தேகம் கலைக்காது."

"மூணுக்கு மேலே?"

"மக்ரூஹ். வெறுக்கத்தக்கது."

"பிள்ளைகளுக்கு நல்லாத்தான் சொல்லிக்கொடுக்கிறே."

ஜைத்தூன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "முதல் மாசத்திலே இவனுக்குக் காய்ச்சல்ல இழுப்பு வந்திச்சு. நான் தீட்டிலே கிடந்தேன். தொழ முடியாது. குர்ஆனைத் தொட முடியாது. பாய்ல கிடந்தபடியே அல்லாஹ் அல்லாஹ்ன்னேன். அதுக்குமேலே ஒண்ணும் ஓதலை. திரும்பவும் அப்படி வந்தா, என் சுத்தத்திலே ஒரு குறை இருந்து நான் கேட்கிறது போய்ச் சேராம நின்னுட்டா?"

ஆலிமா பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். "கையைக் காட்டு" என்றார்.

விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. ஒரு மணிக்கட்டில் ரத்தக் கீறல்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"ஆறுற வரைக்கும் கையிலே தண்ணி படக் கூடாதுன்னாங்க. ஒளுவுக்கு அது பொருந்தாதுன்னு நினைச்சு..."

"ஒளுவுக்கும்தான். இரு."

பிள்ளையை அவள் மடியில் போட்டுவிட்டு ஆலிமா வெளியே போனார். மடியில் போட்டதும் அவன் பாவாடையை நனைத்துவிட்டான்.

"ஐயோ! இனி முழுசும் அலசணுமே!" ஜைத்தூனுக்கு அழுகை வந்துவிட்டது.

ஆலிமா ஒரு தட்டு மண்ணோடு திரும்பி வந்தார். "பாலைத் தவிர வேறே என்ன கொடுத்தே?"

"ஒண்ணுமில்லே."

"பொண்ணா இருந்தாக் கழுவணும். இவன் பையன், பால் மட்டும் குடிக்கிறவன்." ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தார். அந்த இடம் நனையும்படி தண்ணீர் தெளித்தார். "முடிஞ்சுது."

"இவ்வளவுதானா?"

"நீ அலசுற வேகத்துக்குப் பாவாடைதான் தாங்காது."

இந்தத் தடவை ஜைத்தூனுக்குச் சிரிப்பு வந்தது.

பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு ஆலிமா கெண்டியை எடுத்தார். ஒளு எடுக்கிறேன் என்று ஜைத்தூன் மனசில் நிய்யத் வைத்தாள். ஆலிமாவே தண்ணீர் ஊற்றி அவள் முகத்தைக் கழுவிவிட்டார். முழங்கையிலிருந்து காயத்தின் ஓரம் வரைக்கும் ஈரம் ஓடவிட்டார். அதற்குக் கீழே விட்டுவிட்டார்.

"கை பாக்கி இருக்கே?"

"அதுக்குத்தான் மண். வாதாமரத்தடி மண். கடற்கரை மணல் ஆகாது, தூசி எழும்பணும். தண்ணிக்குப் பதிலா மண்ணாலே சுத்தமாகிற தயம்முமுக்கு நிய்யத் வச்சு, தட்டுல கையை அடி."

அடித்தாள். மெல்லிய புழுதி எழுந்தது.

"முகத்திலே தடவு."

"இப்பத்தானே கழுவிவிட்டீங்க!"

"தடவு."

கழுவிய முகத்தில் மண்ணைத் தடவினாள். இன்னொரு முறை அடித்து முழங்கை வரைக்கும் கைகளில் தடவினாள். காயத்தின் மேல் புழுதி மெல்லப் படிந்தது. ஈர விரலால் ஆலிமா அவள் தலையைத் தடவிவிட்டார், பாதங்களைக் கழுவினார்.

ஜைத்தூன் தன் கையையே பார்த்தாள். பழுப்பாக இருந்தது.

"ஆலிமா, இங்கேயிருந்து பார்த்தா மாதா கோயில் வாசல் தெரியுது. உள்ளே போறவங்க கல்தொட்டியிலே விரலை நனைச்சு நெத்தியிலே வச்சுக்கிறாங்க. கடைத்தெரு அம்மன் கோயிலுக்கு ஈரத் தலையோடுதான் போறாங்க. வீட்டிலே சாவு விழுந்தா நாள் கழியிற வரைக்கும் போறதேயில்லை. நமக்கு ஹவுள். எல்லாரும் வாசல்ல தண்ணி வச்சிருக்காங்க. அழுக்குப் போகத்தான்னு நினைச்சேன். மண்ணாலே எந்த அழுக்குப் போகும்? பின்னே எதுக்கு இது?"

"பொழுது இறங்குது. முதல்ல தொழு."

அவள் தக்பீர் கட்டித் தொழ ஆரம்பித்தாள். பிள்ளை பக்கத்தில் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. குனிந்து நின்ற ருகூவில் முழங்கை ஞாபகம் வந்தது. மண் தடவிய கைக்குத் திரும்பிப் போக ஹவுள் இல்லை. மேலே ஓதினாள். தரையில் தலை வைத்த ஸுஜூதில் நெற்றியின் மண்வாசம் அடித்தது. மழை விழுந்த முற்றம் மாதிரி இருந்தது. எழ மனசில்லாமல் கொஞ்சம் கூடுதலாகவே கிடந்தாள்.

தொழுகையை முடிக்க ஸலாம் கொடுத்துக் கழுத்தைத் திருப்பியபோது, சுவரில் வெயில் இன்னும் மிச்சம் இருந்தது.

பிள்ளை சிணுங்கியது. அப்புறம் வாயைத் திறந்து வீறிட்டது.

"இதோ வந்துட்டேன்டா வாப்பா, இதோ!"

கைகளைச் சேர்த்துத் தட்டினாள். பாவாடையில் துடைத்தாள். வாரித் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவன் சட்டென்று அடங்கி, மண் படிந்த அவள் கன்னத்தைச் சப்ப ஆரம்பித்தான்.

"ஏன் கையைத் தட்டினே?" என்று கேட்டார் ஆலிமா.

"பிள்ளையைத் தூக்கணுமே."

"தட்டாமத் தூக்கினா வர மாட்டேன்னு சொல்வானா?"

"அவனுக்கு என்ன தெரியும்! எனக்குத்தான் மனசு வராது."

"அன்னைக்கு இழுப்பு வந்தப்போ?"

"அன்னைக்கு எதைப் பார்த்தேன்? இருந்தபடியே வாரி எடுத்தேன்."

"இப்போ எத்தனை தடவை தட்டினே?"

ஜைத்தூன் சொல்ல வாயெடுத்தாள். ஞாபகம் வரவில்லை.

ஆலிமா மண் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"மண் எதுக்கு, கேட்கிறது போய்ச் சேருமான்னு இவ்வளவு நேரமா நீ கேட்டதுக்கெல்லாம் இப்ப நீயே பதில் சொல்லிட்டே."