நேரே போகச் சொன்ன நாடு

முன்னொரு காலத்திலே, அதுவும் உங்கள் காலமும் என் காலமும் இல்லாத காலத்திலே, நீலமலைக்கு இந்தப் பக்கம் ஆவுடை என்று ஒரு பெண் இருந்தாள். எடுத்த காரியத்தை முடிக்காமல் விடமாட்டாள், அவ்வளவு பிடிவாதக்காரி. அவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே சொந்தம் அண்ணன் சாத்தப்பன். மிளகு வியாபாரத்துக்காக மலைக்கு அந்தப் பக்கம் போனான் அவன். போனவன் திரும்பவில்லை. கூடப் போன கூட்டாளி இசக்கிதான் தலைவிரி கோலமாக ஓடி வந்தான்.

"ஆவுடை, உங்க அண்ணன் கல்லாயிட்டான் தாயி! யாரோ ஒரு கிழவர் அவன்கிட்ட வழி கேட்டார். அந்த ஊர் பாஷையில 'நெவ்வா'ன்னு சொன்னான். 'தெரியாது'ன்னு அர்த்தம். சொல்லி முடிக்கல, காலிலேருந்து தலை வரைக்கும் கல்லு!"

அந்த நாட்டை எல்லாமறிந்தான் என்ற மந்திரவாதி ஆண்டுகொண்டிருந்தான். துங்கரிக் குகையில் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆண்டான். என் நாட்டில் 'தெரியாது' என்ற சொல்லே கூடாது, சொன்னவர் எவராயிருந்தாலும் கல்லாகட்டும் என்று சாபம் போட்டிருந்தான். முதல் மழை மேலே விழுந்துவிட்டால் கல் கல்தான், பிறகு பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது.

ஆவுடை வானத்தைப் பார்த்தாள். மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது.

"துங்கரிக்கு எப்படிப் போகணும்?"

"எனக்கு எங்க தெரியும்? கேட்டுத்தான் போகணும். 'கிமா'ன்னா எங்கேன்னு அர்த்தம். 'லோரு'ன்னா நேரே. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"அது போதும். கேட்டுக்கிட்டே போறேன்" என்றாள் ஆவுடை. அழுதாள், கண்ணைத் துடைத்தாள், கிளம்பிவிட்டாள்.

மலையைத் தாண்டியதும் ஒரு மரத்தடியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "துங்கரி?" என்று கேட்டு, கிழக்கே கையைக் காட்டினாள். அவர் சட்டென்று தலையாட்டினார். "லோரு, லோரு!" ஆவுடை சந்தோஷமாக நடந்தாள். பொழுது சாய நடந்தாள். கடைசியில் ஒரு ஏரிதான் வந்தது, வழி அதோடு முடிந்தது.

கால் வலியோடு கரையில் உட்கார்ந்து யோசித்தாள். 'கையைக் காட்டினது நானில்லையா? அந்த மனுஷர் ஆமாம் போட்டார், அவ்வளவுதானே! மேற்கே காட்டியிருந்தாலும் ஆமாம்தான் போட்டிருப்பார்.' அதற்குப் பிறகு வழி கேட்கும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "துங்கரி கிமா?" அவ்வளவுதான் கேள்வி. கை காட்டுவது எதிராளியின் வேலை.

மறுநாள் கிணற்றடியில் நின்ற பெண்கள் ஒரு பாதையைக் காட்டி "லோரு" என்றார்கள். கொஞ்ச தூரத்தில் பாதை இடதுபக்கம் வளைந்தது. நேரே என்றால் நேரேதானே? நம் ஆவுடை வளையவில்லை. பாதையை விட்டு இறங்கி, மூக்குக்கு நேராக முள்காட்டுக்குள் போனாள். ஆடு மேய்த்த ஒருவன் விழுந்து விழுந்து சிரித்து, அவள் சேலையை முள்ளிலிருந்து எடுத்துவிட்டான். கோலால் மண்ணில் பாம்பு மாதிரி ஒரு கோடு இழுத்தான். அதன்மேல் விரலை வைத்து, வளைவெல்லாம் வளைந்து, "லோரு" என்றான். கிளை பிரிந்த சின்னக் கோடுகளைத் துடைத்து அழித்தான்.

அப்போதுதான் புரிந்தது. அவர்கள் ஊரில் நேரே என்றால் பெரிய பாதையை விடாதே என்று அர்த்தம். பாதை எப்படி வளைந்தாலும் அது நேரேதான்!

கேட்டாள், நடந்தாள், மறுபடி கேட்டாள். வழியெல்லாம் மனித உருவத்தில் கற்கள் நின்றன. ஒரு கல்லின் இடுப்பில் குடம்கூட அப்படியே இருந்தது. அதைத் தாண்டிப் போகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். ஆவுடைக்கு அவர்கள்மேல் இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது. பாவம், இவர்கள் ஏமாற்றவில்லை. தெரியாது என்று சொல்ல முடியாமல்தான் கையை நீட்டுகிறார்கள்.

அப்படியானால் தெரிந்தவரை எப்படிக் கண்டுபிடிப்பது? முகத்தைப் பார்த்தாள். கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் முதலில் சும்மா நின்றார்கள். கண்ணைச் சுருக்கினார்கள், எவ்வளவு தூரம் தாங்கும் என்று அவள் கால் செருப்பைப் பார்த்தார்கள், பிறகு எழுந்து திருப்பம் வரை கூடவே வந்தார்கள். வெகுதூரம் என்றால் கையை வானத்துக்குத் தூக்கினார்கள். கிட்டத்தில் என்றால் கை தாழ்ந்தது.

இன்னொரு வார்த்தையும் அவளுக்குக் கிடைத்தது. ஒரு சத்திரத்தில் ஒரு தாய் கதை சொல்ல, குழந்தைகள் "ஹூவே? ஹூவே?" என்று நச்சரித்தன. குழந்தைகள் கதையில் வேறு என்ன கேட்கும்? அப்புறம், அப்புறம்! அன்றிலிருந்து யார் "லோரு" என்றாலும் ஆவுடை விடவில்லை. "ஹூவே?" என்றாள். தெரியாதவர் மறுபடி "லோரு" என்றே கையை வீசினார். தெரிந்தவரோ இரண்டு விரலை விரித்துக் கிளைப்பாதை காட்டினார், காதருகே கையை வைத்துக் கோயில் மணி காட்டினார், முழங்காலைத் தொட்டு ஓடையின் ஆழம் காட்டினார். அடுத்த அடையாளம் வரைக்கும் போவாள், அங்கே புதிதாக ஒருவரைக் கேட்பாள். இரண்டு பேர் சொல்வது ஒத்துப்போனால்தான் காலை எடுத்து வைப்பாள்.

இப்படியே துங்கரிக் குகைக்கு வந்து சேர்ந்தாள். தலைக்கு மேல் இடி உருண்டது.

எல்லாமறிந்தான் மான்தோலில் சாய்ந்திருந்தான். அவனுக்கு எல்லா பாஷையும் வரும். "வா பெண்ணே! என்னைக் கேட்டு நான் பதில் சொல்லாத கேள்வி இல்லை. சொல்ல முடியாவிட்டால் எல்லாக் கல்லும் மனிதராகும். சொல்லிவிட்டால் நீயும் கல். கேட்கிறாயா?"

"கேக்குறேன்" என்றாள் ஆவுடை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எங்க ஊருக்கு எப்படிப் போகணும்?"

மந்திரவாதி கேள்வி முடிவதற்குள் கையை நீட்டினான். "நேரே போ!"

"அப்புறம்?"

"அப்புறமும் நேரே."

"அப்புறம்?"

"ஒரு... ஒரு பெரிய ஆறு வரும்."

"இல்லையே! நான் அந்த வழியாத்தானே வந்தேன். முழங்கால் ஓடைதான் இருக்கு. சரி, ஓடையைத் தாண்டினா எந்தப் பக்கம் திரும்பணும்? எழுந்து வந்து முதல் திருப்பத்தையாவது காட்டுங்க, ஐயா."

அவன் எழுந்தான். எத்தனையோ காலத்துக்குப் பிறகு குகை வாசலுக்கு வந்தான். வாசலில் மூன்று பாதைகள். இதைப் பார்த்தான், அதைப் பார்த்தான். உட்கார்ந்த இடத்திலேயே நாடாண்டவன், தன் வாசல் பாதை எங்கே போகிறது என்று ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை.

"ஹூவே?" என்றாள் ஆவுடை. "ஹூவே? ஹூவே?"

"எத்தனை தடவைதான் கேட்பாய், பிசாசே!" என்று கத்தினான் அவன். "நெவ்வா! நெவ்வா!"

சாபம் போட்டவன் என்று சாபத்துக்குத் தெரியுமா? காலிலிருந்து தலை வரை கல்லானான். அந்த நேரத்திலேயே நாடெங்கும் கற்கள் மூச்சு விட்டன. இடுப்புக் குடத்தோடு நின்றவள் குடத்தைத் தோளுக்கு மாற்றினாள். சந்தைத்தெருவில் நின்ற சாத்தப்பன் கண்ணைத் தேய்த்தான். ஆவுடை விசாரித்து விசாரித்து அவனைக் கண்டுபிடித்து ஓடிவந்து கட்டிக்கொண்டபோது, முதல் மழைத்துளி அவன் கன்னத்தில் விழுந்தது. கன்னம் சூடாக இருந்தது. இருவரும் நனைந்துகொண்டே அழுதார்கள்.

மழையில் ஓடை பெருகிவிட்டது. வேறு வழியாகத்தான் ஊருக்குப் போக வேண்டும். கூரைக்கடியில் நின்ற ஒரு பெண்ணிடம் ஆவுடை துடுப்புப் போடுவதுபோல் கையை ஆட்டி, "கிமா?" என்று படகுத்துறை எங்கே எனக் கேட்டாள். அந்தப் பெண் பழக்கத்தில் கையைத் தூக்கினாள், பாதியில் நிறுத்தினாள், கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"நெவ்வா" என்றாள், மெதுவாக.

தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். கையைக் கிள்ளிப் பார்த்தாள். மழைக்குள் துள்ளிக் குதித்து, "நெவ்வா! நெவ்வா!" என்று தெருவே கேட்கக் கூவினாள். வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. அத்தனை பேரும் வெளியே வந்து, சிரித்து, அழுது, அதே வார்த்தையைச் சொன்னார்கள். கூட்டத்தில் ஒரு படகோட்டி மட்டும் சொல்லவில்லை. அவர் ஒரு நிமிடம் சும்மா நின்றார், அண்ணன் தங்கை இருவரின் செருப்பையும் பார்த்தார், துடுப்பை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார்.