தலைவர் வாசித்த மன்னிப்புக் கடிதம்

வீட்டிலேயே கேக் செய்து விற்கும் ஞானசெல்விக்கு அடுக்குமாடிச் சங்கத் தலைவர் தணிகாசலம் போன் போட்டார்.

"ஏம்மா, பேத்தி பிறந்தநாளுக்கு நீ அனுப்புன கேக் நசுங்கித்தான் வந்துச்சு. படம் அனுப்பியிருக்கேன் பாரு. பணமும் வேணும், மன்னிப்புக் கடிதமும் வேணும். அதைச் சங்கக் கூட்டத்துல வாசிப்பேன். இல்லேன்னா இங்க எண்பது வீட்லயும் உனக்கு ஆர்டர் கிடையாது!"

ஞானசெல்வி படத்தை உற்றுப் பார்த்தாள். ஜெபம் பண்ணிவிட்டு உட்கார்ந்து எழுதி, உறையை ஒட்டிக் கொடுத்தனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தலைவர் உறையைக் கிழித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்க வாசித்தார்.

"ஐயா, பேத்தியின் பிறந்தநாளில் உங்கள் மனம் நொந்ததற்கு என்னை மன்னியுங்கள். கேக் நசுங்கி வந்திருந்தால் குற்றம் என்னுடையதே. சரியென்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், முழுப் பணத்தையும் இன்றே திருப்பி அனுப்புகிறேன். படத்தில் நசுங்காத பக்கத்தில் ஆறு மெழுகுவர்த்தித் துளைகளும், ஒரு துண்டு வெட்டிய இடமும் தெரிகின்றன. நசுங்கி வந்த கேக்கிலும் வரிசை பிசகாமல் மெழுகுவர்த்தி ஏற்றிக் குழந்தையைச் சிரிக்க வைத்தீர்களே, கர்த்தர் உங்களை..."

குரல் இறங்கிப்போனது.

"நிறுத்தாதீங்க," என்றார் பின்வரிசையிலிருந்த அவர் மனைவி பங்கஜவல்லி. "வெட்டி முடிச்சு ஃப்ரிட்ஜுல வைக்கப்போய் நீங்கதான் கீழ போட்டீங்கன்னு அந்தம்மா எழுதலையா?"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

"பணம் வேண்டாம்னு சொல்லிடறேன்," என்று முணுமுணுத்தார் தலைவர்.

"அப்படியே அவங்க போன் நம்பரையும் சொல்லுங்க தலைவரே!" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

எண்பது வீட்டுக்காரர்களும் எழுதிக்கொள்ளும்படி, ஒவ்வோர் எண்ணாக அவரே உரக்க வாசிக்கவேண்டியதாயிற்று.