கொம்பையா மாப்பிள்ளை நன்றி சொன்ன கதை

எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணியா இருக்கிற ஒரு ஊரு, அந்த ஊர்ல கொம்பையா, கொம்பையான்னு ஒருத்தன் இருந்தானாம். அவன் வாத்து மேய்க்கிறவன். ஆமா, வாத்துதான், சிரிக்காம கேளுங்க. நல்ல பய, உழைப்பாளி, ஆனா நாலு பேரு முன்னால நின்னா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். வாத்துகிட்ட மட்டும் பொழுதன்னைக்கும் பேசுவான்.

அவனுக்குப் பக்கத்து ஊர்ல பொன்னுருவின்னு ஒரு பொண்ணைப் பேசி முடிச்சாங்க. பொன்னுருவி ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. காலையில தாலி கட்டி முடிஞ்சா, சாயங்காலம் பந்தல்ல வரவேற்பு. அதுல மாமனாரு எழுந்து, இவருதான் எங்க மாப்பிள்ளைன்னு ஊருக்குச் சொல்லுவாரு. அப்புறம் மாப்பிள்ளை எழுந்து பதில் பேசணும். ரெண்டு வீட்டாருக்கும், புதுசா வந்த மாமனார் மாமியாருக்கும் மனசு நிறையுற மாதிரி நாலு வார்த்தை சொல்லணும். அவன் பேசி முடிக்கிற வரைக்கும் பந்தியில இலை விழாது.

இதைக் கேட்டதும் கொம்பையா, கல்யாணமே வேண்டாம்னு சொல்லிறலாமான்னு வாத்துகிட்டக் கேட்டான். அதுவும் போதாதுன்னு பொன்னுருவி ஒரு சேதி சொல்லி அனுப்பினா. அவ அக்கா கல்யாணத்துல பெரிய மாப்பிள்ளை எழுந்து பேசினாராம். பேசும்போது, பொண்ணுக்குத் தாய்மாமன் வெள்ளையப்பரைப் பார்த்து, ‘தொலைவிலிருந்து வந்து சிறப்பித்த விருந்தினருக்கு நன்றி’ன்னு சொல்லிட்டாராம். காலையில பொண்ணு கையைப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வந்தவரு அவரு. அவருக்குச் சுருக்குன்னு தைச்சிருச்சு. நான் விருந்தாளியா, எனக்கு நன்றி வேறயான்னு கேட்டுட்டு, சாப்பிடாம எழுந்து போனவருதான், மூணு வருசமா தங்கச்சி வீட்டு வாசப்படி மிதிக்கல.

உங்களுக்கு இது புரியாது, இப்பல்லாம் தண்ணி எடுத்துக் குடுத்தாக்கூட நன்றிங்கிறீங்க. அந்த ஊர்ல அது வெளியாளுக்குச் சொல்ற வார்த்தை. சொந்தக்காரங்ககிட்ட சொன்னா, நீ வேற நான் வேறன்னு கோடு கிழிச்ச மாதிரி.

பொன்னுருவி கெஞ்சிக் கூப்பிட்டதுல, இந்தக் கல்யாணத்துக்கு வரேன்னு வெள்ளையப்பர் ஒத்துக்கிட்டாரு. ‘எங்க அம்மா மூணு வருசமா அண்ணன் நெனப்புல அழுவுது. அவரு சாப்பிட்டுட்டுப் போகணும், அது உங்க வாயிலதான் இருக்கு’ன்னு சொல்லி அனுப்பியிருந்தா பொன்னுருவி. கொம்பையாவுக்கு அன்னைக்குத் தூக்கம் போச்சு.

அந்தப் பக்கத்துல சொல்லரசர் நாகலிங்கம்னு ஒருத்தர் இருந்தாரு. கல்யாணப் பேச்சு எழுதிக் குடுக்கிறதுதான் அவரு பொழைப்பு. கழுத்துல உருத்திராட்சம், தோள்ல சரிகைத் துண்டு, வாயைத் திறந்தா செந்தமிழ். கொம்பையா அவருகிட்டப் போயி நின்னான். ‘மூணு வாத்தைக் குடு, மூணு ஓலை தரேன். பாட்டு மாதிரி உருப்போட்டுக்கோ. கடைசி ஓலையில என்னைப் புகழ்ந்து நாலு வரி இருக்கும், அதை மட்டும் விட்டுராதே’ன்னாரு. கொம்பையா நல்லா முட்டை போடுற மூணு வாத்தைக் குடுத்துட்டு ஓலையை வாங்கிட்டு வந்தான்.

வந்து முதல்ல வாத்துங்க முன்னால நின்னு, ‘பெருமைக்குரிய பெரியோர்களே, பேரன்பு கொண்ட தாய்மார்களே’ன்னு ஆரம்பிச்சான். வாத்தெல்லாம் ஒரு தடவை அவனைப் பார்த்துச்சு, அப்புறம் வரிசையாத் தண்ணியில இறங்கிப் போயிருச்சு.

சரி, அதுங்களுக்கு என்ன தெரியும்னு, அம்மா முன்னால போயி, ‘பெருமைக்குரிய பெரியோர்களே’ன்னு ஆரம்பிச்சான். மாவாட்டிக்கிட்டு இருந்த அம்மா கையை நிறுத்திட்டு, ‘யாருடா செத்தது?’ன்னு கேட்டா.

அப்புறம் கல்யாணத்தன்னைக்கு விடியக்காலம், முகம் வழிக்க வந்த மருதப்பன்கிட்ட, ‘பெருமைக்குரிய பெரியோர்களே’ன்னு சொன்னான். மருதப்பன் கத்தியை எடுக்காமலே, ‘பேரன்பு கொண்ட தாய்மார்களே, பாலும் தேனும் கலந்தாற்போல்’னு மிச்சத்தை அவனே சொல்லி முடிச்சான். ‘போன தையில இருந்து அஞ்சு கல்யாணத்துல கேட்டுட்டேன்யா. எல்லாம் அந்தச் சொல்லரசர் எழுதினது. பேரை மட்டும் மாத்துவாரு, அதையும் சில சமயம் மறந்துருவாரு’ன்னான்.

கொம்பையா பதறிப்போயி ஓலையை எடுத்துப் பார்த்தா, மூணாவது ஓலையில அதே வரி இருக்கு. ‘தொலைவிலிருந்து வந்து சிறப்பித்த விருந்தினருக்கு நன்றி.’ உசுரே போயிருச்சு அவனுக்கு. இப்ப வேற பேச்சுக்கு எங்க போறது?

‘சும்மா நாலு பேரைப் பார்த்து மனசுல பட்டதைச் சொல்லிட்டு உக்காரேன்யா’ன்னான் மருதப்பன். அவனுக்கென்ன, சொல்லிட்டுப் போயிட்டான்.

தாலி கட்டியாச்சு, சாயங்காலமும் ஆச்சு. பந்தல் நிறைய கூட்டம். வெள்ளையப்பர் காலையில தாய்மாமன் முறையைச் செஞ்சு முடிச்சாச்சு, இப்ப எந்நேரமும் கிளம்பிருவாருங்கிற மாதிரி ஓரமா, செருப்பைக் கழட்டாம நிக்கிறாரு. சொல்லரசர் முன்வரிசையில நடு நாற்காலியில உக்காந்து, மறந்தா எடுத்துக் குடுக்கலாம்னு விரலைத் தட்டிக்கிட்டு இருக்காரு. மாமனாரு எழுந்து, ‘இவருதான் எங்க சின்ன மாப்பிள்ளை, எங்க வீட்டுக்கு இன்னொரு மகன்’னு ரெண்டே வார்த்தை சொல்லிட்டு, கண்ணு கலங்கி உக்காந்துட்டாரு.

கொம்பையா எழுந்தான். பழகின வாய் அதுபாட்டுக்கு, ‘பெருமைக்குரிய பெரியோர்களே’ன்னுச்சு.

பந்தல்ல இருந்த அத்தனை பேரும், ‘பேரன்பு கொண்ட தாய்மார்களே’ன்னு ராகம் போட்டு முடிச்சாங்க. சின்னப் புள்ளைங்ககூட சொல்லுது. ஒரே சிரிப்பு. கொம்பையாவுக்கு முதல்ல அவமானமா இருந்துச்சு, அப்புறம் அவனுக்கே சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சதும் தொண்டை திறந்துக்கிச்சு பாருங்க. ஓலையைச் சுருட்டி இடுப்புல சொருகினான்.

‘இது உங்களுக்கே தெரியுது, நான் எதுக்குச் சொல்லணும்’னான். ‘எனக்குப் பேச வராது. நான் பார்த்ததை மட்டும் சொல்லிடறேன்.’

மாமனாரு சொன்னதுக்குத்தானே பதில், அதனால அவரைத்தான் முதல்ல பார்த்தான். ‘மாமா, பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு என் வாத்தெல்லாம் உங்க நாத்தங்கால்ல இறங்கிருச்சு. நீங்க கம்பை எடுத்துக்கிட்டு வந்தீங்க, அடிக்கத்தான் போறீங்கன்னு நெனச்சேன். ஒண்ணையும் அடிக்காம, கம்பை நீட்டி வரப்புல ஏத்திவிட்டு, குடிக்கத் தண்ணியும் வச்சீங்க. இந்த வீட்லதான் பொண்ணு கட்டணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். பொண்ணை அதுக்கப்புறம்தான் பார்த்தேன்.’ பொன்னுருவி தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சிரிச்சா.

அப்புறம் மாமியாரைப் பார்த்தான். நிச்சயத்தன்னைக்கு அவன் இலையில கத்திரிக்காயை ஓரமா ஒதுக்கி வச்சிருந்தானாம். அந்த அம்மா யாருகிட்டயும் சொல்லல, அதுக்கப்புறம் ஒருநாளும் அவன் இலையில கத்திரிக்காய் விழல. அதைச் சொல்லி, ‘அத்தை, அது என் அம்மாவுக்கே மறந்து போகும்’னான். அவன் அம்மா கீழ இருந்து, எனக்கு எப்படா மறந்துச்சுன்னு சண்டைக்கு வர, பந்தலே குலுங்குச்சு.

அவன் உடனே அம்மா பக்கம் திரும்பினான். பொண்ணு வீட்டாரை மட்டும் தூக்கிப் பேசிட்டு, பெத்தவங்களை விட்டா அதுவும் தப்பாச்சே. ‘அம்மா, நீயும் அப்பாவும் மழைக்கு வீடு ஒழுகினா, வாத்துக் கூண்டுக்கு ஓலை போட்டுட்டுத்தான் நம்ம கூரைக்குப் போடுவீங்க. வாயில்லாததை முதல்ல பார்க்கணும்னு நான் உங்ககிட்டதான் பார்த்தேன்’னான். அவன் அப்பா துண்டால மூக்கைத் துடைச்சாரு. அப்புறம், காலையில இருந்து பந்தல் வேலையா ஓடிக்கிட்டு இருக்கிற சகலையைப் பார்த்து, அண்ணே நீங்க இன்னும் ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கலன்னான். போன தடவை பேசி மாட்டிக்கிட்ட பெரிய மாப்பிள்ளைதான் அந்தச் சகலை. மனுசன் உருகிப் போயிட்டாரு.

ஒருத்தருக்கும் அவன் நன்றிங்கிற வார்த்தையைச் சொல்லல, கவனிச்சீங்களா?

கடைசியா அவன் கண்ணு ஓரத்துக்குப் போச்சு. பந்தல்ல சத்தம் அடங்கிருச்சு. மாமியார் முந்தானையை வாயில வச்சுக்கிட்டா. கொம்பையாவுக்கு வெள்ளையப்பர் பெரியப்பா முறை, ஆனா அவரைப் பத்தி ஒண்ணுமே தெரியாது, காலையிலதான் முதல்முதலாப் பார்த்தான். சொல்லரசர் இதுதான் சமயம்னு, ‘தொலைவிலிருந்து வந்து, தொலைவிலிருந்து வந்து’ன்னு எடுத்துக் குடுக்கிறாரு. வெள்ளையப்பர் காதுலயும் அது விழுந்துச்சு. முகம் இறுகிப்போச்சு.

கொம்பையா மேடையை விட்டு இறங்கி, அவரு முன்னால போயி நின்னான்.

‘பெரியப்பா, உங்களைப் பத்திச் சொல்ல எனக்கு ஒண்ணும் தெரியாது. பொய்யாச் சொல்லவும் மனசு வரல. ஒண்ணு மட்டும் பார்த்தேன். மணவறையில இவ கையி நடுங்கிட்டே இருந்துச்சு. நீங்க பின்னால வந்து குனிஞ்சு ஏதோ சொன்னீங்க, நடுக்கம் நின்னு போச்சு. அது என்ன வார்த்தைன்னு சொல்லுங்க. இனிமே அது எனக்கு வேணும்.’

வெள்ளையப்பர், ‘பெருசா ஒண்ணும் இல்லப்பா’ன்னாரு. ‘மாலை கனக்குதா தாயின்னு கேட்டேன். குழந்தையில இருந்தே அவளுக்குப் பயம் வந்தா, வேற ஏதாவது கேட்டுறணும். பயத்தைப் பத்திக் கேக்கக் கூடாது.’

‘இது மாதிரி இன்னும் எத்தனையோ இருக்கும்ல. எனக்கு ஒண்ணும் தெரியாது பெரியப்பா. நாலு நாள் இருந்து சொல்லிக் குடுத்துட்டுத்தான் போகணும்’னான் கொம்பையா.

வெள்ளையப்பர் குனிஞ்சு செருப்பைக் கழட்டினாரு. கழட்டி ஓரமா வச்சுட்டு, தங்கச்சி பக்கம் திரும்பி, ‘இலையைப் போடச் சொல்லு, பசிக்குது’ன்னாரு. அந்த அம்மா ஓன்னு அழுதுட்டா. சந்தோசத்துலதான்.

கொம்பையா பொன்னுருவியைப் பார்த்து, ‘உன்கிட்டப் பேசுறதுக்கு ஆயுசு கிடக்கு’ன்னு ஒரே வரி சொன்னான். எல்லாரும் சாப்பிட வாங்கன்னு கும்பிட்டான். அவ்வளவுதான் பேச்சு, வெத்தலை மெல்லுற நேரம்கூட ஆகல.

ஆனா சொல்லரசருக்குப் பொறுக்குமா? என்னைப் பத்தின நாலு வரி எங்கேன்னு எழுந்தாரு. இதெல்லாம் ஒரு பேச்சா, பேச்சுன்னா எப்படி இருக்கும்னு காட்டுறேன்னு மேடை ஏறினாரு. ஏறி, ‘பெருமைக்குரிய பெரியோர்களே’ன்னாரு. ஊரே கூடவே சொல்லுச்சு. பாலும் தேனும்னாரு, அதுக்கும் ஊரே சொல்லுச்சு. அவரு வேகமாப் போனா அவங்களும் வேகமாப் போறாங்க, நிறுத்தினா நிறுத்துறாங்க. அந்தப் பதட்டத்துல மாமியார் பேரைச் சொல்லும்போது போன கல்யாணத்து மாமியார் பேரைச் சொல்லிட்டாரு. அவ்வளவுதான், அஞ்சு கல்யாணத்து மாப்பிள்ளைகளும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தாங்க. சகலை எழுந்து நிதானமாச் சொன்னாரு, ‘ஐயா, பேசுறவங்க முடிக்காம சாப்பிட உக்காரக் கூடாது, அது எங்க ஊரு வழக்கம். நீங்க மூணு ஓலையும் முடிச்சுட்டு வாங்க. மாப்பிள்ளை முடிச்சுட்டாரு, நாங்க போறோம்.’

பந்தல் காலியாச்சு. சொல்லரசர் கடைசி ஓலையில தன்னைத்தானே புகழ்ந்து முடிச்சுட்டு வந்து பார்த்தா, பாயசம் வழிச்சாச்சு, வடை தீந்துபோச்சு, அண்டாவைக் கவுத்தாச்சு. அதுக்கப்புறம் அந்தப் பக்கத்துல ஒரு மாப்பிள்ளையும் அவரு வாசலுக்குப் போகல.

அங்க பந்தியில வெள்ளையப்பர் நடு இலையில உக்காந்திருக்காரு. தங்கச்சி தன் கையால சோறு போடுறா, அவரு போதும்னு சொல்லல. மூணு வருசத்துச் சோறும் அன்னைக்கே போட்டுத் தீர்க்கிற மாதிரி அவ போட்டுக்கிட்டே இருக்கா, அவரும் குனிஞ்ச தலை நிமிராம சாப்பிட்டுக்கிட்டே இருக்காரு.

அவங்க அங்க வயிறாரச் சாப்பிட்டாங்க, நாம இங்க காதாரக் கேட்டாச்சு. மனுசங்களை நல்லாப் பார்த்து வச்சுக்கோங்க, சொல்ல வேண்டியது தானா வரும். சரி, படுங்க.