தராசில் ஏறாத தப்பு

அண்ணனுக்கு விஷம் வைத்துப் பட்டமேறிய வேங்கைமாறன், பிணத்தைத் தராசில் ஏற்றிச் சபையைப் பார்த்தான்.

"உயிரோடு இருந்தபோதும் இதே எடைதான். தப்பு ஒன்று நடந்திருந்தால் குன்றிமணியாவது கூடியிருக்காதா? உலகத்தில் இருப்பது எலும்பும் மண்ணும்தான். கொலை தப்பு என்பவன் இல்லாததை இருக்கிறதென்கிறான். மறுப்பவன் அந்தத் தப்பைக் காட்டட்டும். காட்டாவிட்டால் தலை போகும்."

பிணம் கழுவ வந்த சடைச்சி முன்னால் வந்தாள்.

"என்னால காட்ட முடியாது மகாராஜா. அப்படியே உங்க உரிமையையும் எடை போட்டுடுங்க. காவக்காரங்க உங்களுக்குக் கட்டுப்படணும்கிற கடமை, அது எத்தனை குன்றிமணி?"

காவலர்களின் ஈட்டிகள் மெல்ல அரசன் பக்கம் திரும்பின.

"நில்லுங்கடா! என்னைக் கொல்றது தப்பு!" என்று அலறினான்.

சடைச்சி பிணத்தை இழுத்து இறக்கினாள். காலித் தட்டு ஆடிக்கொண்டிருந்தது.

"ஏறுங்க மகாராஜா, பாத்துடலாம்."