தணிகாசலத்தின் ஐந்து வார்த்தைகள்

வேலூரில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் தணிகாசலம், நாற்பத்தாறாவது வயதில் மிதாலி என்ற வங்காளிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம். அதை வைத்தே நான்கு மாதம் ஓடிவிட்டது.

ஒரு நாள் மிதாலி, "இந்த வீட்டில் நான் விருந்தாளி மாதிரி இருக்கிறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

மறுநாளே ரெஜினாவிடம் போய் நின்றார். ஆஸ்பத்திரித் தெரு லாட்ஜில் வங்காளி நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பவள் அவள். அவரைவிடப் பதினேழு வயது சின்னவள். அவருக்கோ எடுத்த எடுப்பில் டீச்சரம்மா ஆகிவிட்டாள்.

"அன்பா பேசுறதுக்கு அஞ்சே அஞ்சு வார்த்தை சொல்லிக்குடுங்க. அதைத்தான் முதல்ல கத்துக்கணுமாம்."

"ஏற்கெனவே ஏதாவது தெரியுமாண்ணே?"

"ஆமி தோமாகே பாலோபாஷி. போன்ல பாத்துக் கத்துக்கிட்டேன்."

"சொன்னீங்களா?"

"சொன்னேன், இட்லி சாப்பிடறப்போ. சிரிச்சிட்டா."

"இட்லி சாப்பிடறப்போ 'நான் உன்னைக் காதலிக்கிறேன்'னு சொன்னா யாருக்கும் சிரிப்புதான் வரும். அது தப்பில்ல, எப்பவாவது சொல்லிக்கலாம். ஒரு வாரத்துக்கு நீங்க எதையும் கத்துக்க வேணாம். தீதி, அதான் உங்க வீட்டம்மா, தன் பாஷையில உங்ககிட்ட என்ன சொல்றாங்களோ, காதுல விழுந்தபடி எழுதிட்டு வாங்க. எப்போ சொன்னாங்கன்னும் எழுதுங்க."

'பாடம் கேட்க வந்தவனுக்கே வீட்டுப்பாடமா' என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனாலும் எழுதினார்.

ஒரு வாரம் கழித்து, கடை பில் ஒன்றின் பின்பக்கத்தை நீட்டினார். ரெஜினா ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"காலையில வண்டி எடுக்கும்போது, 'ஷாப்தானே ஜேயோ'. பத்திரமா போங்கன்னு அர்த்தம்."

"இதைத் தினமும் சொல்றாளே."

"மத்தியானம் போன்ல 'கேயேச்சோ'. சாப்பிட்டீங்களான்னு கேக்குறாங்க."

அந்தக் கேள்விக்குத் தினமும் "ஓகே, ஓகே" என்று சொல்லி வைத்துவிடுவது அவருக்கு ஞாபகம் வந்தது.

"வீட்டுக்கு வந்ததும் 'தோமார் கொதா மோனே பொர்ச்சிலோ'. உங்க நினைப்பாவே இருந்துதுன்னு சொல்றாங்க. நாலாவது, 'ஆமி ஆச்சி தோ'. எப்போ சொன்னாங்க?"

"எனக்குக் காய்ச்சல் வந்தன்னைக்கு. நெத்தியில கை வச்சிக்கிட்டு."

"நான்தான் இருக்கேனேன்னு அர்த்தம். அஞ்சாவது 'ராக் கோரோ நா'. கோவிச்சுக்காதீங்க."

"குழம்புல சக்கரை போட்டப்போ சொன்னா."

தணிகாசலம் பில்லைத் திருப்பி வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கேட்டு வந்த ஐந்தும் நான்கு மாதமாக வீட்டிலேயே இருந்திருக்கின்றன. மனசு நிறைந்துபோனது.

"இதையே நான் திருப்பிச் சொல்லலாமா?"

"தாராளமா சொல்லுங்க. தீதி 'தூமி'ன்னு கூப்பிடுவாங்க, கவனிச்சீங்களா? 'நீ'ய விடக் கொஞ்சம் மரியாதை, 'நீங்க'வ விடக் கொஞ்சம் நெருக்கம். நீங்களும் அதையே சொல்லலாம்."

எழுந்தவர் வாசல்வரை போய்த் திரும்பினார்.

"டீச்சரம்மா, அவளுக்கும் தமிழ்ல அஞ்சு கத்துக்குடுக்கணும்."

"தீதி கொஞ்ச நாளா காலையில எங்கிட்டதான் தமிழ் படிக்க வர்றாங்கண்ணே. உங்ககிட்ட நாளைக்குச் சொல்றதா இருந்தாங்க. அவங்களுக்கும் இதே வீட்டுப்பாடம்தான்." ரெஜினா மேசையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். முழுக்க வங்காள எழுத்து. "உங்க வாயிலேர்ந்து கேட்ட தமிழ். படிக்கட்டுமா?"

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். மிதாலியிடம் தமிழில் பேசியதாகவே நினைவில்லை. புரியாதே என்று எப்போதும் ஆங்கிலம்தான்.

ரெஜினா படித்தாள். "'வந்துட்டேன்டா கண்ணு.' 'சாப்ட்டியாடா?' 'எங்கடா போன, தேடினேன்ல?' 'பயப்படாத, நான் இருக்கேன்.' 'கோவமா? சரி, வா, வா.'"

தணிகாசலம் கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் மாறியது.

"இது நான் வீட்டுல பூனைகிட்ட பேசுறது."

"ஆமாண்ணே. அப்படித்தான் எழுதியிருக்காங்க. ஒரு எழுத்துகூடத் தப்பில்ல. ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்டாங்க."

"என்னது?"

"இதையெல்லாம் மனுஷங்ககிட்டயும் சொல்லலாமான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டார்.

ரெஜினா நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தாள்.

"உங்க வீட்டுக்காரர் பதில் சொல்லுவார்னு சொன்னேன்."